ஏழு நிமிடத்தில் முடிந்துபோகும் போன்

வாசகர் கேள்வி:

"எனக்கு 27 வயது. திண்டுக்கல்லில் வங்கி வேலை. டிசம்பர் கடைசியில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கரூர்க்காரர், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இன்ஜினியர். வீட்டில் ஒருமுறை, அப்புறம் இரு வீட்டாரோடு ஓட்டலில் ஒருமுறை பார்த்தோம். தனியாகப் பேசியது மொத்தம் நாற்பது நிமிடம் இருக்கும். இருவருக்கும் பிடித்தது, அவர் கிளம்பும் முன் பூ வைத்து உறுதி செய்தார்கள். ஆவணியில் நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம். முதல் மாதம் தினமும் இரவு பத்தரைக்கு ஆரம்பித்தால் ஒரு மணி வரை பேசுவோம். இப்போது 'சாப்பிட்டாச்சா, ஆபீஸ் எப்படி, சரி தூங்கு' என்று ஏழு நிமிடத்தில் முடிகிறது. பத்து நாளாக அதுவும் சில நாள் இல்லை. வாட்ஸ்அப்பில் ஆன்லைனில் இருக்கிறார், என் மெசேஜைப் பார்ப்பதில்லை. கேட்டால் 'எனக்கு போன்ல பேச வராது' என்கிறார். பிடிக்காமல் போய்விட்டதா? நான் இன்னும் அதிகமாகப் பேசவேண்டுமா, விட்டுப் பிடிக்கவேண்டுமா? நடுவில் ஒருமுறை வரச் சொல்லலாமா? 'ஆவணியில வரத்தானே போறார், எதுக்கு டிக்கெட் காசு' என்கிறார் அப்பா. 'கல்யாணத்துக்கு முன்னாடி ரொம்பப் பேசாதே' என்கிறார் அம்மா."

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு உறுதியான பெண்கள் என்னிடம் வரும்போது, பெரும்பாலும் மூன்றாவது நான்காவது மாதத்தில்தான் வருகிறார்கள். சொல்வதும் ஏறக்குறைய இதேதான். அதற்குக் காரணம் இருக்கிறது. முதல் மாதத்தில் உங்கள் இருவரிடமும் பேச ஒரு பெரிய இருப்பு இருந்தது. பள்ளிக்கூடம், கல்லூரி, முதல் சம்பளம், தங்கை கல்யாணம், பிடித்த சாப்பாடு என்று இத்தனை வருட வாழ்க்கையையும் ஒருவருக்கொருவர் சொல்லி முடித்தீர்கள். ஆறேழு வாரத்தில் அந்த இருப்பு தீர்ந்துவிடும், எல்லோருக்கும் தீரும். ஒரே ஊரில் இருக்கும் ஜோடிக்கு அதற்குள் புது விஷயங்கள் சேர்ந்திருக்கும். சேர்ந்து பார்த்த படம், சேர்ந்து நனைந்த மழை, பஸ் கிடைக்காமல் நின்ற ஒரு சாயங்காலம். உங்களுக்கு அப்படிச் சேர எதுவும் இல்லை. பேச ஒன்றும் இல்லாதபோது மனிதர்கள் 'சாப்பிட்டாச்சா' என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு பேச்சை வளர்க்க முடியாது.

இந்தப் பத்து நாள் மோசமானதற்கு இன்னொரு சின்னக் காரணமும் இருக்கலாம். மார்ச் கடைசி ஞாயிறன்று ஜெர்மனியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். இப்போது மூன்றரை மணி நேரம்தான். ஜனவரியில் நீங்கள் இரவு பத்தரைக்குக் கூப்பிட்டபோது அவருக்கு மாலை ஆறு மணி. வெளியே இருட்டி, வேலை முடிந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பார், போனை விட்டால் வேறு துணையும் இல்லை. இப்போது அதே பத்தரை அவருக்கு ஏழு மணி. அங்கே இன்னும் வெளிச்சம் இருக்கும். சமையல் நடந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் வெளியே போயிருப்பார். நீங்களோ காலையில் எழுந்து வங்கிக்கு ஓடவேண்டியவர், பத்தரைக்குக் கண்ணைச் செருகும். ஒரே ஒரு வேலை செய்து பாருங்கள். அழைப்பை ஒன்பதரைக்கு மாற்றுங்கள். அவருக்கு ஆறு மணி, உங்களுக்குத் தூக்கம் வராத நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறன்று திரும்ப மாறும், அப்போது மறுபடி பத்தரைக்குக் கொண்டுபோகலாம்.

பிடிக்காமல் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நிமிடக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது, ஆன்லைன் என்று காட்டுவதை வைத்தும் சொல்ல முடியாது. ஆன்லைனில் இருப்பவர் அவருடைய அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கலாம், ஆபீஸ் குழுவில் பதில் போட்டுக்கொண்டிருக்கலாம். நான் பார்க்கச் சொல்வது வேறு மூன்று விஷயங்கள். போன வாரம் நீங்கள் சொன்ன ஒன்றை, உதாரணமாக மேனேஜரோடு வந்த பிரச்சினையை, இந்த வாரம் அவராக நினைவு வைத்துக் கேட்கிறாரா? பேச முடியாமல் போன நாளுக்குப் பதிலாக அவரே இன்னொரு நேரம் சொல்கிறாரா? அவருடைய நாளில் நடந்த ஒரு கெட்ட விஷயத்தை, திட்டு வாங்கியதையோ உடம்பு சரியில்லாததையோ, உங்களிடம் சொல்கிறாரா? இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அவர் போனில் கூச்சப்படும் மனிதர், அவ்வளவுதான். நீங்கள் கேட்ட பிறகும், முறையை மாற்றிப் பார்த்த பிறகும், ஒரு மாதம் கழித்து மூன்றுமே இல்லையென்றால் அப்போது கவலைப்படலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தினமும் ஏழு நிமிடத்துக்குப் பதில், வாரம் இரண்டு முழு அழைப்பு

தினமும் பேசியே ஆகவேண்டும் என்று யார் விதி போட்டார்கள்? பெரும்பாலும் யாரும் போடவில்லை. முதல் மாதப் பழக்கம் கடமையாக மாறிவிட்டது. கடமையான பிறகு ஒருநாள் தவறினாலும் குற்றம் மாதிரி ஆகிறது. குற்ற உணர்ச்சியோடு வரும் போன் சீக்கிரம் முடியும்.

2013-ல் கிரிஸ்டல் ஜியாங், ஜெஃப்ரி ஹான்காக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 63 ஜோடிகளை ஒரு வாரம் தினமும் தங்கள் பேச்சைக் குறித்து வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். தூரத்தில் இருந்தவர்கள் அருகில் இருந்தவர்களைவிட ஒரு நாளில் குறைந்த தடவையே பேசினார்கள், ஆனால் பேசினால் நீண்ட நேரம் பேசினார்கள், மனதில் இருப்பதை அதிகமாகச் சொன்னார்கள். நெருக்கம் அவர்களுக்குக் குறையவில்லை. அவர்கள் காதலர்கள், நம்மைப் போல் ஜாதகம் பார்த்து உறுதியானவர்கள் இல்லைதான். ஆனாலும் தடவை குறைவாகவும் நேரம் நீளமாகவும் பேசுவது என்ற அந்த முறை நம் ஆட்களுக்கும் பொருந்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லும் அட்டவணை இது. புதன்கிழமை இரவு ஒன்பதரைக்கு அரை மணி நேரம். ஞாயிறு மதியம் இரண்டரைக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வீடியோவில். ஞாயிறை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். காய்கறி, துணி துவைப்பது, வீட்டைச் சுத்தம் செய்வது எல்லாம் சனிக்கிழமை நடக்கும், அதனால் சனிக்கிழமை பேசினால் அவர் கை ஓரிடத்தில், மனம் ஓரிடத்தில் இருக்கும். ஞாயிறு பகல் பதினொரு மணி அவருக்குக் காபி குடித்துவிட்டுச் சும்மா இருக்கும் நேரம். உங்கள் வீட்டிலும் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்திருப்பார்கள், யாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

மற்ற நாட்களுக்குக் குரல் பதிவு. நீங்கள் காலை எட்டேகாலுக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அவருக்கு விடிகாலை நாலே முக்கால், தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு நிமிடம் பேசி அனுப்புங்கள். ஆறரைக்கு எழுந்து கேட்பார். பின்னால் கண்டக்டர் குரல், ஆரன் சத்தம், பூக்காரம்மா கூவுவது எல்லாம் சேர்ந்து போகட்டும். ஊரை விட்டுப் போனவருக்கு அந்தச் சத்தம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியாது. அவர் ஏழரைக்கு ட்ராமில் போகும்போது பதில் பதிவு அனுப்பினால் உங்களுக்குப் பதினொரு மணி, டீ குடிக்கும்போது கேட்கலாம். 'போன்ல பேச வராது' என்கிற ஆண்களில் பலருக்கு இது நன்றாக வருகிறது. எதிரில் ஒருவர் காத்திருக்கிறார் என்ற பதற்றம் இல்லை, யோசித்து நிதானமாகப் பேசலாம்.

இதைச் செய்யும்போது இரண்டு ஒப்பந்தம் வேண்டும். ஒன்று, முடியாத நாளில் 'இன்னைக்கு முடியல' என்பதோடு நிறுத்தாமல் 'நாளைக்கு ஒன்பதரைக்குக் கூப்பிடுறேன்' என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்வது. நேரம் சொல்லிவிட்டால் தவறிய அழைப்பு மனதில் உறுத்தாது. இன்னொன்று, கோபத்தை மெசேஜில் எழுதுவதில்லை. 'சரி' என்று ஒரு சொல் எழுதினால் நீங்கள் அதைப் பத்து விதமாகப் படிப்பீர்கள். வருத்தம் இருந்தால் 'ஒரு விஷயம் பேசணும், புதன்கிழமை பேசலாமா' என்று மட்டும் எழுதுங்கள்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். குறையாகச் சொல்லவேண்டாம். "தினமும் பேசுறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, எனக்கும் பத்தரைக்குத் தூக்கம் வருது. புதனும் ஞாயிறும் நல்லாப் பேசலாம், மத்த நாள் வாய்ஸ் போட்டுக்கலாம். நாலு வாரம் பார்ப்போமா?" இவ்வளவு போதும். நாலு வாரம் என்று வரம்பு வைத்தால் ஒத்துக்கொள்வது எளிது. முடிந்த பிறகு அதை மாற்றவும் உரிமை இருக்கிறது.

ஞாயிறு என்ன பேசுவது

பேசுவதைவிடச் சேர்ந்து எதையாவது செய்யுங்கள் என்பேன். என்னிடம் வந்த ஒரு ஜோடி மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரே குழம்பை இரண்டு வீட்டிலும் வைப்பார்கள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, இவள் இங்கே புளி கரைக்க, அவர் அங்கே கரைப்பார். அவர் வீட்டில் கடுகு வெடிக்காமல் கருகிப்போன நாளில் அரை மணி நேரம் சிரித்தார்களாம். அடுத்த வாரம் பேச அது போதுமாக இருந்தது. சேர்ந்த நினைவு என்று நான் முன்னே சொன்னேனே, அதை இப்படித்தான் தூரத்தில் இருந்து உண்டாக்க முடியும்.

உங்களுக்கு இன்னொரு நல்ல வேலை கையிலேயே இருக்கிறது, ஜெர்மன் படிப்பது. அவரிடம் ப்ளூ கார்டு என்னும் வேலை அனுமதி இருந்தால் மனைவியாகப் போகும் உங்களுக்கு விசாவுக்கு முன் மொழித் தேர்வு கட்டாயமில்லை. வேறு வகை அனுமதி என்றால் விதி மாறலாம், எது என்று அவரிடம் கேட்டு, தூதரகம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு வேண்டாம் என்றாலும் மொழி வேண்டும், கடையிலும் டாக்டரிடமும் வேலை தேடும்போதும் வேண்டும். ஞாயிறு அழைப்பில் முதல் கால் மணி நேரம் அவர் உங்களுக்கு ஐந்து வாக்கியம் சொல்லித்தரட்டும். பேச வராத மனிதருக்கு, கையில் ஒரு வேலை கொடுத்தால் பேச்சு தானாக வரும். நீங்கள் தப்பாகச் சொல்லும்போது அவர் எப்படித் திருத்துகிறார் என்பதையும் கவனியுங்கள். பொறுமையாகவா, எரிச்சலோடா? நாற்பது நிமிடப் பெண் பார்க்கும் சந்திப்பில் அது தெரிந்திருக்காது.

அப்புறம், வாரம் ஒரு பெரிய கேள்வி. ஒன்றுக்கு மேல் வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் வங்கி வேலை என்ன ஆகும்? ராஜினாமாவா, சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பார்ப்பதா? அங்கே போய் என்ன வேலை தேடுவீர்கள், அது கிடைக்கும் வரை உங்கள் கைச்செலவுக்குப் பணம் எப்படி? அவர் அங்கே எத்தனை வருடம் இருக்க நினைக்கிறார்? தன் பெற்றோருக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறார், நீங்கள் உங்கள் பெற்றோருக்கு அனுப்பலாமா? குழந்தை எப்போது? ஆவணிக்குள் பதினைந்து ஞாயிறுக்குமேல் இருக்கிறது. இந்தக் கேள்விகளை அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பேசி முடிக்கலாம். நான்கு மாதம் தினமும் பேசியும் இவை வராமல் போனதுதான், ஏழு நிமிடத்தைவிட என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது.

நடுவில் வரச் சொல்லுங்கள்

ஆம், வரச் சொல்லலாம். சொல்லவேண்டும் என்றே நினைக்கிறேன். அப்பாவின் கணக்கில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு அவர் வருவது உங்களைப் பார்க்க வருவது ஆகாது. அந்த ஐந்தாறு நாளில் ஜவுளி, மண்டபம், சொந்தக்காரர் வீட்டு விருந்து என்று ஓடும். இரண்டு பேரும் மேடையில் பக்கத்தில் நிற்பீர்கள், பேச நேரமிருக்காது. இருநூறு பேரைக் கூட்டி மோதிரம் மாற்றிய பிறகு ஏதாவது சரியில்லை என்று தெரிந்தால், சொல்லவும் தைரியம் வராது.

தூரத்தில் பேசியே பழகியவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. தெரியாத இடங்களையெல்லாம் மனம் நல்லதாகவே நிரப்பிக்கொள்ளும். லாரா ஸ்டாஃபோர்டும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தூரத்தில் இருந்துவிட்டு ஒரே ஊருக்கு வந்த அமெரிக்கக் காதல் ஜோடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதத்துக்குள் பிரிந்துவிட்டார்கள். நம் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு அப்படிப் பிரிய முடியாது. அதனால் அந்த அதிர்ச்சி கொஞ்சமாக, முன்னாலேயே வந்துபோவது நல்லது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். நாகர்கோவில் பெண், மஸ்கட்டில் வேலை செய்யும் பையன். ஏழு மாதம் தினமும் பேசினார்கள். போனில் அவர் ரொம்ப இதமானவர். நடுவில் எட்டு நாள் வந்தார். மூன்றாம் நாள் அவருடைய அம்மாவோடு மூவரும் புடவைக் கடைக்குப் போயிருக்கிறார்கள். இவள் பச்சையில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தப் புடவையை மடித்துக் கடைக்காரரிடம் நீட்டினார். இவ்வளவுதான் நடந்தது. என்னிடம் வந்தபோது அந்தப் பெண் அழவில்லை. "ஏழு மாசம் பேசினேன், இது எனக்குத் தெரியல மேடம்" என்றாள். இருவரையும் உட்காரவைத்துப் பேசினோம். அவர் அம்மா முன்னால் வாய் திறக்காமலே வளர்ந்தவர், இது ஒரு பிரச்சினை என்றே அவருக்குத் தெரியாது. வீட்டுப் பெரிய முடிவுகளை முதலில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டு பிறகு அம்மாவிடம் சொல்வோம் என்று ஒத்துக்கொண்டார். கல்யாணம் நடந்தது. அந்த எட்டு நாள் இல்லாமல் போயிருந்தால் அவள் இதை மஸ்கட்டில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பாள்.

விடுமுறைக் கணக்கு அவருக்குத் தடையாக இருக்காது என்றே தோன்றுகிறது. ஜெர்மனியில் வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி குறைந்தது வருடம் 20 நாள் விடுப்பு, பல நிறுவனங்கள் 28, 30 வரை தருகின்றன. உங்கள் கல்யாணம் தையில், அதாவது அவருக்கு அடுத்த வருடத்து விடுப்புக் கணக்கில் வருகிறது. இந்த வருடத்து விடுப்பில் ஆவணிக்குப் பத்து நாள் போனாலும் மிச்சம் இருக்கும். பெந்தகோஸ்தே திங்கள் அங்கே பொது விடுமுறை. ஈஸ்டருக்குப் பிறகு ஐம்பதாவது நாள், பெரும்பாலும் மே கடைசியை ஒட்டியோ ஜூன் தொடக்கத்திலோ வரும். அந்த வாரம் செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள் மட்டும் விடுப்பு எடுத்தால் முன்பின் சனி ஞாயிறோடு ஒன்பது நாள் கிடைக்கும். ஒரே சிக்கல், ஸ்டுட்கார்ட் பக்கம் அப்போது பள்ளி விடுமுறை, விமானக் கட்டணம் ஏறும். அதனால் இந்த ஞாயிறே பேசுங்கள்.

நீங்கள் அங்கே போய்ப் பார்ப்பது இன்னொரு வழி. ஷெங்கன் விசா கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, அழைப்புக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் என்று நிறையக் கேட்பார்கள். கூட அண்ணனோ அம்மாவோ வருவதாக இருந்தால் அதெல்லாம் இரண்டு மடங்கு. மறுக்கப்படவும் வாய்ப்பு உண்டு. உங்கள் விஷயத்தில் அவர் வருவதே எளிது.

வந்தால் அந்த ஒன்பது நாளை எப்படி வைத்துக்கொள்வது? போக வர இரண்டு நாள் போய்விடும். வந்த மறுநாள் சந்திக்காதீர்கள், தூக்கம் கெட்டு வந்திருப்பார், அவருடைய அம்மாவும் மகனைப் பார்க்கவேண்டும். மிச்ச நாளில் நான்கு தடவை பார்த்தால் போதும். கரூருக்கும் திண்டுக்கல்லுக்கும் ஒன்றரை மணி நேரப் பயணம்தானே. கொடைக்கானல் மாதிரி இடங்களுக்குப் போவதைவிடச் சாதாரண வேலைகளைச் சேர்ந்து செய்யுங்கள். உங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஒருமுறை போய் வாருங்கள். உங்களுடைய நெருங்கிய தோழி வீட்டில் ஒருவேளை சாப்பிடுங்கள். அவர் வீட்டில் ஒரு பகல் முழுக்க இருங்கள், அவர் அம்மா அப்பாவோடு எப்படிப் பேசுகிறார், சாப்பிட்ட தட்டை யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் தனியாக, கோயில் பிரகாரத்திலோ காபிக் கடையிலோ இரண்டு மணி நேரம். பெரிய கேள்விகளில் போனில் பாதியில் நின்றவை இருக்கும் இல்லையா, அதை அங்கே பேசுங்கள்.

அவர் திரும்பிப் போவதற்கு முன் அடுத்த சந்திப்பின் தேதியை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். போன பிறகு மூன்று நான்கு நாள் இருவருக்கும் பேச்சே வராது. பக்கத்தில் இருந்துவிட்டு மறுபடி திரையில் பார்ப்பது வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து 'வந்து பார்த்துவிட்டு மனசு மாறிவிட்டதோ' என்று கணக்குப் போடாதீர்கள். அந்த வாரம் குரல் பதிவு மட்டும் போதும்.

கல்யாணத்தோடு தூரம் முடியாது

யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைப்பதால் சொல்கிறேன். தையில் கல்யாணம் முடிந்ததும் கூடவே விமானம் ஏற முடியாது. திருமணத்தைப் பதிவு செய்து, சான்றிதழ் வாங்கி, அதன்பிறகுதான் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். அது வர சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். தமிழ்நாட்டில் கல்யாணமான 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு 90 நாள் காத்திருக்க நேரமில்லை, அவர் இங்கே இருக்கும் நாட்களிலேயே இருவரும் போய்ப் பதிவை முடித்துவிடுங்கள். அவர் போன பிறகு வரும் அந்த இடைவெளி, இப்போது இருப்பதைவிடக் கஷ்டமாக இருக்கும். புதனும் ஞாயிறும் அப்போதும் வேண்டும். வங்கி வேலையை விசா கைக்கு வரும் முன் விடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். காத்திருக்கும் மாதங்களில் காலையில் எழுந்து போக ஒரு இடம் இருப்பது மனதுக்கும் பலம், பைக்கும் பலம்.

அம்மா, அப்பா, இன்னும் ஒன்று

அம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நள்ளிரவு ஒரு மணி வரை பேசிவிட்டு, சொல்லக்கூடாததையும் சொல்லி, அனுப்பக்கூடாத படத்தையும் அனுப்பி வருந்தியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். நாளை கணவராகப் போகிறவர்தான் என்றாலும் அந்தரங்கப் படம் எதையும் அனுப்பாதீர்கள். கேட்டால் மறுக்கலாம். மறுத்ததற்குக் கோபப்பட்டால் அந்தக் கோபமே உங்களுக்கு ஒரு தகவல். யாராவது படத்தை வைத்து மிரட்டும் நிலை வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம், பெற்றோரிடம் மறைக்கவும் வேண்டாம். ஆனால் 'பேசாதே' என்பது அதற்கு மருந்தாகாது. அம்மாவிடம் புதன், ஞாயிறு, இன்ன நேரம் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். நேரம் தெரிந்தால் அம்மாக்களுக்குப் பாதிக் கவலை போய்விடும்.

நாலு வாரம் முயன்று பார்த்து, அவர் நடுவில் வருவதையும் காரணம் சொல்லாமல் தட்டிக்கழித்து, நான் முதலில் சொன்ன மூன்று விஷயங்களில் ஒன்றும் இல்லையென்றால், நேரடியாக ஒரே கேள்வி கேளுங்கள். "இந்தக் கல்யாணம் உங்களுக்கு இஷ்டமா, வீட்டுக்காக ஒத்துக்கிட்டீங்களா?" மென்மையாக, வீடியோவில், முகத்தைப் பார்த்து. பூ வைத்து உறுதி செய்தது சட்டப்படி கல்யாணம் ஆகாது. நிச்சயதார்த்தம் நடந்தாலும் அது கல்யாணம் ஆகாது. நிறுத்தும் உரிமை இருவருக்குமே கடைசி வரை உண்டு. சங்கடம் இருக்கும், சொந்தக்காரர்கள் பேசுவார்கள், ஆறு மாதத்தில் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அந்த இடத்துக்குப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூச்சமும் கடிகாரமும் தீர்ந்துபோன பேச்சும்தான் அதில் தெரிகிறது.

அப்பாவிடம் டிக்கெட் பற்றிப் பேசும்போது, செலவை உங்கள் வீடு ஏற்கவேண்டும் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். அவர் வருவது அவருடைய செலவு. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது 'பெண் வீட்டார் போடட்டுமே' என்று ஆரம்பித்தால், அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டு வையுங்கள். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஆவணியில வர்றவரை ஊரே பார்க்கும்ப்பா. அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துக்கறேன்."